பேப்பர் போட்ட பிறகு இரண்டு மாதம்

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே நடுத்தர அளவிலான ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம், கம்ப்ரசர், ஈரப்பதம் காக்கும் பிளான்ட், இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் பராமரிப்புப் பிரிவின் சீனியர் இன்ஜினியர் பொறுப்பு. 2012 ஜனவரி 10 அன்று வேலைக்குச் சேர்ந்தவர், 2026 ஜூன் 1, திங்கட்கிழமை காலை பேப்பர் போடுகிறார். நியமன ஆணைப்படி ஒரு மாத நோட்டீஸ் போதும். அவரோ இரண்டு மாதம் இருப்பதாக எழுதுகிறார்.

இத்தகைய கடிதங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். அதன் பொருளைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, பராமரிப்புப் பிரிவின் முதுநிலைப் பொறியாளர் பணியிலிருந்து விலகுகிறேன். 2026 ஜூலை 31 என் கடைசி வேலை நாள். நியமன ஆணைப்படி ஒரு மாத நோட்டீஸ் போதும் என்றாலும், கையிலுள்ள வேலைகளை முறையாக ஒப்படைப்பதற்காக இரண்டு மாதம் பணியில் இருக்க முன்வருகிறேன். முடியாமல் இருக்கும் வேலைகளின் பட்டியலை ஜூன் 10-க்குள் தருகிறேன். பொறுப்பை ஏற்பவரை ஜூன் 15-க்குள் அறிவித்தால் மீதி நாட்களை அவரோடு செலவிட முடியும். என்னை முன்னதாகவே விடுவிப்பதானால் அந்தத் தேதியை ஜூன் 8-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். இக்கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகை தரவும்."

சின்னக் கடிதம்தான். ஏன் போகிறேன், எங்கே போகிறேன், யாரால் மனம் நொந்தேன் என்பதெல்லாம் இதில் இல்லை. அவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். கடிதத்தில் இருப்பது ஒரு முடிவு, ஒரு வாக்குறுதி, சில தேதிகள். முடிவும் வாக்குறுதியும் தனித்தனி வாக்கியங்களில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். "ஆள் போட்டு, ஒப்படைத்து முடித்ததும் விலகிக்கொள்கிறேன்" என்று இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டால் அது நிபந்தனையோடு கூடிய ராஜினாமா ஆகிவிடும். நிர்வாகம் ஆளே போடாவிட்டால் அவர் என்றைக்குப் போவார்? அந்தக் கேள்விக்குக் கடிதத்தில் விடை இருக்காது.

தேதி சும்மா போடுவதல்ல

கடைசி வேலை நாளைக் குறிப்பிட்டு எழுதுவதற்குச் சட்டத்திலும் பொருள் உண்டு. 1977-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக மே மாதமே குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பிறகு மனம் மாறி, ஜூலை 15 அன்று அதைத் திரும்பப் பெற்றார். கொடுத்த ராஜினாமாவை இப்படித் திரும்பப் பெறலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிர்காலத் தேதியிட்ட ராஜினாமா அந்தத் தேதி வரும்வரை முழுமை அடைவதில்லை, அதுவரை திரும்பப் பெறலாம் என்று 1978-இல் தீர்ப்பு வந்தது. அது அரசியல் சாசனப் பதவி பற்றிய வழக்கு. தனியார் வேலையில் நியமன ஆணை என்ன சொல்கிறது, நிர்வாகம் ஏற்றுக்கொண்டு எழுத்தில் பதில் தந்துவிட்டதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: கடிதம் கொடுத்த நாள் வேறு, வேலை முடியும் நாள் வேறு. நடுவில் உள்ள 61 நாளும் அவர் அந்த ஆலையின் முழு ஊழியர். சம்பளமும் அவருக்கு உண்டு, பொறுப்பும் அவருக்கு உண்டு.

அந்தக் கூடுதல் மாதம் அவருக்கு வேறொரு வகையிலும் உதவுகிறது. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் வருவது. மாதச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்து ஒரு நாள் சம்பளத்தைப் பார்ப்பார்கள். கடைசி ஆண்டு முழுதாக முடியாவிட்டாலும், ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அது முழு ஆண்டாகக் கணக்கில் சேரும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு, அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

நம் இன்ஜினியர் ஜூன் 30 அன்றே போயிருந்தால் அவருடைய சேவை 14 ஆண்டு, 5 மாதம், சில நாட்கள். கணக்கில் 14 ஆண்டு. ஜூலை 31 என்றால் 14 ஆண்டு, 6 மாதம், சில நாட்கள். கணக்கில் 15 ஆண்டு. கணக்குக்குரிய மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் ஓர் ஆண்டின் பங்கு 34,615 ரூபாய். கடிதத்தில் தேதி போடுவதற்கு முன் சேர்ந்த தேதியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

தாராளமாக முன்வருவதில் ஓர் அபாயமும் இருக்கிறது. "ஒரு மாதம் போதும், ஜூன் 30-ஆம் தேதியே கிளம்புங்கள்" என்று நிர்வாகம் சொல்லிவிடலாம். புதிய இடத்தில் ஆகஸ்ட் மாதம்தான் சேர முடியும் என்றால் ஜூலை சம்பளம் இல்லாத மாதமாகிவிடும். அதனால்தான் கடிதத்தில் ஜூன் 8 என்ற தேதி இருக்கிறது. முதல் வாரத்திலேயே விடை தெரிந்துவிட்டால் புதிய நிறுவனத்தோடு பேசிச் சேரும் நாளை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

பட்டியலில் என்ன இருக்க வேண்டும்

பொறுப்பை ஒப்படைக்க ஆவணம் தயாரிப்பது என்றதும் பெரும்பாலோர் செய்வது, ஆலையில் உள்ள ஒவ்வொரு இயந்திரமும் எப்படி இயங்குகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவது. அதில் முக்கால்வாசி இயந்திரத்தோடு வந்த கையேட்டிலேயே இருக்கும். கையேட்டில் இல்லாதது இன்றைய நிலைமை: எது பாதியில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள். அதை எழுதக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஆகவே இரண்டு மாதத்தில் முதலில் முடிக்க வேண்டியதும் அந்தப் பட்டியல்தான்.

நம் இன்ஜினியரின் பட்டியலிலிருந்து மூன்று வேலைகளைப் பார்ப்போம். மூன்றும் மூன்று விதம்.

முதலாவது, தற்காலிகமாகச் செய்து வைத்த ஒரு ஏற்பாடு. நூற்பாலைக்குள் காற்றின் ஈரப்பதத்தைக் காக்க ஒரு பிளான்ட் இருக்கும். தொட்டியிலிருந்து பம்ப் தண்ணீரை ஏற்றி நுண்துளிகளாகத் தெளிக்க, அதன் ஊடாக வரும் காற்றை விசிறிகள் இயந்திரங்கள் இருக்கும் இடத்துக்குத் தள்ளும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பம்ப் தானாக நிற்பதற்கு ஒரு மிதவை சுவிட்ச் உண்டு. அந்தச் சுவிட்ச் மார்ச் மாதம் பழுதானது. தண்ணீர் இருக்கும்போதே பம்ப் நின்று நின்று போனதால், பேனலில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு ஒயர் போட்டு அந்தச் சுவிட்சையே கணக்கிலிருந்து விலக்கினார் இன்ஜினியர். புதிய சுவிட்ச் வரும்வரை ஒவ்வொரு ஷிப்டிலும் ஃபிட்டர் போய்த் தொட்டியைப் பார்ப்பது என்று ஏற்பாடு.

சுவிட்ச் இன்னும் வரவில்லை. துண்டு ஒயர் அப்படியே இருக்கிறது. அது இருப்பது இன்ஜினியருக்கும் அந்த ஃபிட்டருக்கும் மட்டும் தெரியும். இன்ஜினியர் போன பிறகு ஃபிட்டர் ஒரு வாரம் ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வற்றியும் பம்ப் ஓடும். தண்ணீரே குளிர்விக்க வேண்டிய சீல் சூடேறிக் கருகும். ஈரப்பதம் இறங்கும். பஞ்சிழைகளில் நிலைமின்சாரம் ஏறி, இழை பறந்து, ரிங் ஃபிரேமில் நூல் அறுவது கூடும். நூல் அறுவதைப் பார்ப்பவர்கள் பஞ்சைக் குறை சொல்வார்கள், இயந்திரத்தைக் குறை சொல்வார்கள். பேனலுக்குள் இருக்கும் ஒரு துண்டு ஒயரை யாரும் தேட மாட்டார்கள்.

இதற்கான குறிப்பை அவர் இப்படி எழுதுகிறார்: "ஈரப்பத பிளான்ட், 2-ஆம் எண் பம்ப். தண்ணீர் மட்டச் சுவிட்ச் மார்ச் முதல் வேலை செய்யவில்லை. பேனலில் சிவப்பு ஒயரால் பைபாஸ் செய்யப்பட்டுள்ளது; ஒயரில் சீட்டுக் கட்டியிருக்கிறது. புதிய சுவிட்சுக்கு ஆர்டர் போயிருக்கிறது, ஸ்டோரில் கேட்கவும். வந்ததும் பொருத்தி, ஒயரை எடுத்துவிட்டு, தொட்டி நீரைக் குறைத்து பம்ப் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஷிப்டிலும் தொட்டி நீரைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்து." என்ன நிலை, எப்போதிலிருந்து, ஏன், அடுத்தது என்ன, முடிந்தது என்று எப்படித் தெரியும், அதுவரை என்ன பாதுகாப்பு: ஆறும் ஏழெட்டு வரிக்குள் வந்துவிட்டன. பட்டியலில் உள்ள எந்த வேலைக்கும் இதே ஆறு கேள்வி போதும்.

இரண்டாவது, பார்ப்பவரின் இயல்பான அறிவுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டிய ஒரு வேலை. பழைய இயந்திரம் ஒன்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் பிஎல்சி, அதாவது இயந்திரத்தை இயக்கும் சின்னக் கணினி, தன் புரோகிராமை பேட்டரியின் தயவில் நினைவில் வைத்திருக்கும் வகை. கரண்ட் இல்லாத நேரத்தில் அந்த பேட்டரிதான் புரோகிராமைக் காப்பாற்றுகிறது. இப்போது பேட்டரி குறைந்துவிட்டதாக மஞ்சள் விளக்கு எரிகிறது. மின்வேலை தெரிந்த எவரும் முதலில் மெயினை நிறுத்திவிட்டுத்தான் பெட்டிக்குள் கை வைப்பார். அதுதான் சரியான பழக்கமும். இங்கே அப்படிச் செய்து பேட்டரியையும் கழற்றினால் புரோகிராம் அழிந்துவிடும். இயந்திரம் வெறும் இரும்பாக நிற்கும். இந்த வகைக்கு பிஎல்சியில் மின்சாரம் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். மின்சாரம் ஓடும் பெட்டி என்பதால் பயிற்சி பெற்றவர்தான், உரிய பாதுகாப்போடு அதைச் செய்யலாம்.

இந்த வேலைக்கு "பேட்டரி மாற்றவும்" என்று ஒரு வரி எழுதினால் அது உதவாது, கெடுதலே செய்யும். ஏன் அப்படி என்ற காரணத்தையும் எழுத வேண்டும், ஏனென்றால் காரணம் தெரியாதவர் தனக்குப் பழக்கமான வழிக்கே திரும்புவார். கூடவே, புரோகிராமின் நகல் எந்த லேப்டாப்பில் இருக்கிறது, அந்த பிஎல்சியோடு பேசும் கேபிள் எந்த அலமாரியில் இருக்கிறது, அந்த நகலைக் கடைசியாக ஏற்றிப் பார்த்தது எப்போது என்பதும் வேண்டும். நகல் இருக்கிறது என்பது வேறு, அது வேலை செய்கிறது என்பது வேறு.

மூன்றாவது, பாதி எடுத்த ஒரு முடிவு. ஆலையின் பவர் ஃபேக்டரைச் சரியாக வைத்திருக்க கபாசிட்டர் பேங்க் இருக்கும். அது குறைந்தால் மின்கட்டணத்தில் அபராதம் ஏறும். இங்கே கபாசிட்டர்கள் அடிக்கடி உப்பிப் பழுதாகிக்கொண்டிருந்தன. மாற்றினாலும் சில மாதத்தில் மறுபடி அதே கதை. இன்ஜினியர் அளந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது: மோட்டார்களின் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் ஆலையில் கூடிவிட்டன. அவை மின்சாரத்தின் அலையைக் கெடுத்து, ஹார்மோனிக்ஸ் எனப்படும் கூடுதல் அலைகளைக் கிளப்புகின்றன. அவை கபாசிட்டர்களுக்குள் பெரிய மின்னோட்டமாகப் பாய்ந்து அவற்றைச் சூடாக்குகின்றன. வெறும் கபாசிட்டரை மாற்றிப் பயனில்லை. ஒவ்வொன்றோடும் ஒரு ரியாக்டர் சேர்க்க வேண்டும், அப்போது கபாசிட்டர் மேல் விழும் வோல்டேஜ் கூடுவதால் அதைத் தாங்கும் கபாசிட்டரும் வேண்டும். இரண்டு கம்பெனிகளிடம் விலை கேட்டிருக்கிறார். ஒன்று வெறும் கபாசிட்டருக்கான விலை, குறைவு. மற்றது ரியாக்டரோடு, அதிகம்.

இந்த நிலையில் அவர் போய்விட்டால் அடுத்தவர் மேசையில் இருப்பது இரண்டு விலைப்பட்டியல் மட்டும். சிக்கனமானவர் என்று பேர் எடுக்க அவர் குறைந்த விலையைத் தேர்வு செய்வார். ஆறு மாதத்தில் கபாசிட்டர் மறுபடி உப்பும். ஆகவே குறிப்பில் எழுத வேண்டியது விலையை அல்ல; எதை ஏன் வேண்டாம் என்று ஒதுக்கினேன் என்பதை. அளவீட்டுத் தாளையும் அதோடு இணைக்க வேண்டும். தேர்ந்தெடுத்த வழி எப்படியும் கோப்பில் பதிவாகிவிடும். ஒதுக்கிய வழியை யாரும் பதிவு செய்வதில்லை, அடுத்து வருபவர் அதிலேயே போய் விழுகிறார்.

ஒரு பம்ப், இரண்டு சீட்டு

முடியாத வேலையைப் பற்றிய தகவல் கை மாறாமல் போனால் எதுவரை போகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தை ஒட்டிய வட கடலில் பைபர் ஆல்ஃபா என்ற எண்ணெய், எரிவாயு மேடை இருந்தது. 1988 ஜூலை 6 அன்று அங்கே இரண்டு பம்புகளில் ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அதன் பாதுகாப்பு வால்வும் தனியே கழற்றப்பட்டிருந்தது. வால்வு இருந்த இடத்தை ஒரு தகட்டால் மூடி வைத்திருந்தார்கள். வால்வு வேலை அன்று மாலைக்குள் முடியவில்லை. பம்புக்கு ஓர் அனுமதிச் சீட்டு, வால்வுக்கு வேறொரு சீட்டு. இரவு ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு வால்வு இல்லை என்ற செய்தி போய்ச் சேரவில்லை.

இரவு பத்து மணிக்குச் சற்று முன் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்ப் நின்றது. ஓட்டியே ஆக வேண்டிய நெருக்கடி. பம்பின் சீட்டைப் பார்த்தார்கள்; பெரிய பராமரிப்பு இன்னும் தொடங்கவில்லை, ஓட்டலாம் என்று தோன்றியது. ஓட்டினார்கள். தகட்டின் வழியே எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். லார்டு கல்லன் தலைமையில் நடந்த விசாரணை, அனுமதிச் சீட்டு முறையிலும் ஷிப்ட் ஒப்படைப்பிலும் இருந்த ஓட்டைகளை விரிவாகச் சுட்டிக்காட்டியது.

அது பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் ஒப்படைப்பு; நம் கதையில் பதினான்கு ஆண்டுகளின் ஒப்படைப்பு. நூற்பாலையில் அப்படி ஒரு வெடிப்பு நடக்காது. ஆனால் தவறு நடக்கும் விதம் அதேதான். ஒரே இயந்திரத்தைப் பற்றிய இரண்டு செய்திகள் இரண்டு இடத்தில் கிடக்கின்றன, ஒன்றைப் பார்த்தவர் அதுவே முழுச் செய்தி என்று நம்புகிறார். ஆகவே பட்டியலை வேலைவாரியாக மட்டும் எழுதாமல் இயந்திரவாரியாகவும் அடுக்க வேண்டும். 2-ஆம் எண் பம்ப் என்று தேடினால் அதைப் பற்றிய எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். இயந்திரத்தின் மேலேயும் ஒரு சீட்டுத் தொங்க வேண்டும், ஏனென்றால் நள்ளிரவில் பம்ப் நின்றால் யாரும் கோப்பைத் தேடிப் போவதில்லை.

61 நாளை எப்படிப் பிரிப்பது

பட்டியல் ஜூன் 10-க்குள் முடிந்துவிட்டது. மீதி ஏழு வாரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். எழுதிக் கொடுக்க முடியாதவற்றைக் கொடுக்கத்தான் அந்த வாரங்கள். கம்ப்ரசரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போகப்போகிறது என்று சொல்வது, எந்த சப்ளையரிடம் போனில் பேசினால் வேலை நடக்கும், யாரிடம் எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்று அறிவது, இதெல்லாம் தாளில் வராது. உடன் நின்றுதான் கற்க வேண்டும்.

முதல் கட்டம் ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை. பழையவர் வேலை செய்வார், புதியவர் பார்ப்பார். குறிப்பு எழுதுவது புதியவரின் வேலையாக இருக்க வேண்டும், பழையவரின் வேலையாக அல்ல. தெரிந்தவர் எழுதும்போது, தனக்கு வெளிப்படையாகத் தோன்றுவதை விட்டுவிடுவார். விட்டது அவர் கண்ணுக்கே தெரியாது. புதியவர் தான் புரிந்துகொண்டதை எழுதி, பழையவர் அதைத் திருத்தினால், எங்கே புரியவில்லை என்பது அந்தத் திருத்தங்களில் தானாக வெளிப்படும். "மெயினை நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றவும்" என்று புதியவர் எழுதிக்கொண்டு வந்தால் அன்றைக்கே அந்தத் தவறு சிக்கிவிடும்.

இரண்டாம் கட்டம் ஜூலை மூன்றாம் வாரம் முடியும் வரை. இப்போது புதியவர் செய்வார், பழையவர் பக்கத்தில் நிற்பார். ஃபிட்டர்கள் வந்து, "சார், மூணாம் நம்பர் கம்ப்ரசர் டிரிப் ஆகுது" என்று பழையவரிடம் சொன்னால், அவர் புதியவரைக் கைகாட்ட வேண்டும். பல ஒப்படைப்புகள் கெடுவது இந்த இடத்தில்தான். பதினான்கு ஆண்டுப் பழக்கத்தில் எல்லோரும் அவரிடமே போவார்கள், அவரும் நொடியில் தீர்த்துவிடுவார். வேலை வேகமாக நடக்கும், ஒப்படைப்பு மட்டும் நடக்காது.

மூன்றாம் கட்டம் கடைசிப் பத்து நாள். அதில் மூன்று நாள் பழையவர் ஆலைப் பக்கமே வரக்கூடாது. லீவில் போய்விட வேண்டும், போனையும் எடுக்கக்கூடாது. பாதுகாப்பு சம்பந்தமான அவசரம் மட்டும் விதிவிலக்கு. அந்த மூன்று நாளில் எந்தெந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் புதியவர் திண்டாடினார் என்று குறித்து வைத்தால், அதுதான் பட்டியலில் விட்டுப்போனவற்றின் பட்டியல். அவற்றை நிரப்பப் பழையவர் இன்னும் ஒரு வாரம் இருக்கிறார். இந்தச் சோதனையை ஜூலை 31-க்குப் பிறகு நடத்தினால் நிரப்ப ஆள் இருக்காது.

ஒப்படைப்பு தடம் புரள்வதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். ஜூன் மாதம் முடிந்தும் பொறுப்பேற்பவர் யார் என்று அறிவிக்காமல் இருப்பது ஓர் அடையாளம். போகப்போகிறவர் தலையில் புதிய வேலைகளைச் சுமத்துவது இன்னொன்று. "இருக்கிற வரைக்கும் இதையும் பார்த்துக்கொடுங்கள்" என்று தொடங்கினால் பட்டியல் குறைவதற்குப் பதில் வளரும். ஆள் போடவே இல்லை என்றால், இன்ஜினியர் செய்யக்கூடியது ஜூனியர் இன்ஜினியரையும் அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவரையும் பெறுநர்களாகப் பெயரிட்டு, மேலாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது.

கையெழுத்து யாரைக் காக்கிறது

கடைசி வாரம் செட்டில்மென்ட் பற்றிய பேச்சு வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிடச் சொல்கிறது. பணிக்கொடைக்கு 30 நாள் அவகாசம். நடைமுறையில் எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. "இன்னும் முழுசா ஒப்படைக்கலையே" என்று சொல்லி ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பது பழகிப்போன ஒன்று. "முழுசா" என்றால் எவ்வளவு? கடிதத்தில் "எல்லா வேலைகளையும் முடித்துக் கொடுக்கிறேன்" என்று எழுதியவருக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்வது கடினம். பராமரிப்புப் பிரிவில் எல்லா வேலையும் முடிந்த நாள் என்று ஒன்று வரவே வராது.

நம் இன்ஜினியர் தந்த வாக்குறுதி ஒப்படைப்பதற்கு. முடித்துத் தருவதற்கு அல்ல. அவருடைய பட்டியலில் 23 வேலைகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 31 அன்று அதில் 14 முடிந்திருக்கலாம். 6 நடந்துகொண்டிருக்கலாம். 3 தொடங்கவே இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொன்றின் எதிரிலும் நிலைமை, தேதி, இனி யார் பொறுப்பு என்று எழுதி, கொடுத்தவர், பெற்றவர், மேலாளர் மூவரும் கையெழுத்துப் போட்டால் ஒப்படைப்பு முழுமை. தொடங்காத 3 வேலைகளும் அந்தத் தாளில் இருப்பதால்தான் அது முழுமை. முடிந்தவற்றை மட்டும் காட்டி அழகாகத் தயாரித்த தாள் ஒருவரையும் காக்காது.

அதே தாளில் சாவிகள், லேப்டாப், பிஎல்சி பாஸ்வேர்டுகள் ஒப்படைத்த விவரமும் வரும். பாஸ்வேர்டுகளைத் தாளில் எழுதக்கூடாது. பெற்றவர் முன்னிலையில் மாற்றப்பட்டன என்று மட்டும் எழுதினால் போதும். ஆலைக்குச் சொந்தமான வரைபடங்கள், புரோகிராம் நகல்கள் எதையும் தன் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டியவை ராஜினாமாக் கடிதத்தின் ஒப்புகை, ரிலீவிங் லெட்டர், மூவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாளின் நகல், இவ்வளவுதான். அக்டோபர் மாதம் யாராவது ஆலையிலிருந்து போன் செய்து, "அந்த சுவிட்ச் விஷயம் நீங்க சொல்லவே இல்லையே" என்றால், எத்தனையாம் எண் வேலை, எந்தத் தேதியில் யார் கையெழுத்திட்டுப் பெற்றார் என்று அந்தத் தாளைப் பார்த்தே அவர் பதில் சொல்லிவிடலாம்.